துப்பாக்கியைக் கொடுத்த மறுநாள்

கேள்வி: இரண்டு நாடுகள் மோதினால் என்றைக்காவது போர்நிறுத்தம் வந்துவிடுகிறது. உள்நாட்டுப் போர் மட்டும் ஏன் ஜவ்வாக இழுக்கிறது? ஒரே நாட்டுக்காரர்கள்தானே, உட்கார்ந்து பேசினால் என்ன?

பதில்: பேசாமல் இல்லை. கையெழுத்துகூடப் போடுகிறார்கள். வில்லங்கம் அதற்கு மறுநாள்தான் ஆரம்பிக்கிறது.

ஈரானும் இராக்கும் 8 ஆண்டுகள் அடித்துக்கொண்டன. 1988 ஆகஸ்டில் போர் நின்றபோது இரண்டுக்கும் ராணுவம் அப்படியே இருந்தது. ஒருவர் வாக்குத் தவறினால் மற்றவர் திருப்பி அடிக்கலாம். உள்நாட்டுப் போரில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒரு நாட்டுக்குள் இரண்டு ராணுவம் இருக்க முடியாது என்பதால், கிளர்ச்சிக்காரர்கள் ஆயுதத்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்த பிறகு அரசு ஏமாற்றினால்? தட்டிக் கேட்கக் கையில் ஒன்றும் இருக்காது.

சண்டை நடக்கும் விதமும் இந்தப் பயத்தை வளர்க்கிறது. போர்முனை என்று ஒரு கோடு பெரும்பாலும் இருப்பதில்லை. பகலில் ஒரு படை ஊருக்குள் வரும், இரவில் இன்னொன்று. இரண்டும் விசாரிப்பது ஒன்றையே: அவர்களுக்கு யார் சோறு போட்டது? காட்டிக்கொடுத்தவரும் பறிகொடுத்தவரும் போர் முடிந்தாலும் அடுத்தடுத்த வீடுதான்.

ஆப்பிரிக்காவில் உள்ள அங்கோலாவைப் பாருங்கள். 1991 மே மாதம் அரசும் கிளர்ச்சித் தலைவர் சவிம்பியின் யூனிட்டா இயக்கமும் ஒப்பந்தம் போட்டன. இரு படைகளையும் கலைத்து ஒரே ராணுவமாக்கி, அப்புறம் தேர்தல் என்பது திட்டம். மேற்பார்வைக்கு ஐ.நா. அனுப்பிய ராணுவப் பார்வையாளர்கள் சுமார் 350 பேர். நாடோ இந்தியாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! யூனிட்டா நல்ல படைகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. அரசு தன் ஆட்களைக் கலவரத் தடுப்புப் போலீசாக மாற்றிவிட்டது. அந்த நிலையிலேயே 1992 செப்டம்பரில் தேர்தல். முதல் சுற்றில் அதிபர் தோஸ் சாந்தோஸுக்கு 49.6 சதவீதம், சவிம்பிக்கு 40. மோசடி என்றார் சவிம்பி. அடுத்த மாதக் கடைசியில் மறுபடி போர். அரசுக்கு எண்ணெய்ப் பணம், யூனிட்டாவுக்கு வைரப் பணம், இருவருக்கும் அவசரமில்லை. 1994-இல் போட்ட இன்னொரு ஒப்பந்தமும் நிலைக்கவில்லை. 2002 பிப்ரவரியில் சவிம்பி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறே வாரத்தில் போர்நிறுத்தம் கையெழுத்தானது.

அங்கோலாவில் சூடுபட்ட ஐ.நா., இன்னொரு ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கில் உஷாராக இருந்தது. 1992 அக்டோபரில் அங்கே அரசுக்கும் ரெனாமோ என்ற கிளர்ச்சி இயக்கத்துக்கும் ஒப்பந்தம் ஆனதும் 6,000-க்கும் மேற்பட்ட வீரர்களை இறக்கியது. படைகளைக் கலைக்கும் வேலை முடியட்டும் என்று தேர்தலையும் ஓர் ஆண்டு தள்ளி, 1994-இல் வைத்தார்கள். தோற்ற ரெனாமோ நாடாளுமன்றத்தில் போய் உட்கார்ந்தது.

இங்கும் ஒரு 'ஆனால்' உண்டு. கொஞ்சம் ஆட்களையும் ஆயுதங்களையும் ரெனாமோ ஒளித்தே வைத்திருந்தது. 2013-இல் அவை வெளியே வந்தன. அதன் கடைசி முகாம் மூடப்பட்டது 2023-இல்தான்.