சித்தியின் நோயை எழுதுவதற்கு முன்

"தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த கதையை இணையத்தில் கட்டுரைகளாக எழுதி வருகிறேன். எச்.ஐ.வி. உள்ள என் சித்தியைக் கூட இருந்து கவனித்துக்கொள்வதைப் பற்றியும் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். பெயரை மாற்றிவிட்டேன். அது போதுமா?"

போதாது. கட்டுரைக்கு மேலே உங்கள் பெயர் இருக்கிறது, உள்ளே 'சித்தி' இருக்கிறார். உங்கள் அம்மாவுக்கு எத்தனை தங்கைகள் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரியும். சாலை எண், அவர் வேலை பார்த்த தையல் ஆலை, தைப்பூசத்துக்கு அவர் காவடி எடுத்த கோயில் என்று ஒவ்வொன்றும் சேரச் சேர, கோயிலில் அவரோடு உட்காருகிறவர்களுக்கு ஆள் யார் என்று புரிந்துவிடும். மறைக்க வேண்டியதே அவர்களிடம்தான்.

குடும்பத்துக்குத் தெரியும் என்பதும் அனுமதி ஆகாது. 2007-இல் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஓர் அரசியல்வாதியின் வாழ்க்கை வரலாற்றில் எச்.ஐ.வி. உள்ள மூன்று பெண்களின் உண்மைப் பெயர்கள் அச்சாகிவிட்டன. அந்தப் பெயர்கள் அதற்கு முன்பே ஒரு பல்கலைக்கழக விசாரணை அறிக்கையில் இருந்தவை. ஆனாலும் ஒரு காரியத்துக்காகச் சொன்னதை இன்னொன்றுக்குத் தந்த சம்மதமாக நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆளுக்கு 35,000 ராண்ட் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எழுதியது உண்மை என்பது அங்கே காப்பாற்றவில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவில் இலக்கியத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் அதுவும் எழுதுகிறவருக்கு முழு உரிமை கொடுத்துவிடவில்லை.

சரி, எப்படிக் கேட்பது? "உங்களைப் பற்றி எழுதட்டுமா சித்தி?" என்றால், "எழுதேம்மா" என்றுதான் சொல்வார். அவர் மனதில் இருப்பது நீங்கள் எழுதியதாக இருக்காது. அவர் வரும் பகுதியை முழுசாக வாசித்துக் காட்டுங்கள். முன்பின் தெரியாதவர்களும் படிப்பார்கள், நாளைக்கு நீக்கினாலும் யாராவது படம் பிடித்து வைத்திருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். நோயின் பெயர், மருத்துவமனைக் காட்சி, புகைப்படம் மூன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்குச் சம்மதித்து மற்றதை மறுக்க அவருக்கு இடம் வேண்டும்.

இதில் எனக்குப் பெரிய கவலை வேறு. மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் மருத்துவமனைக்கு அழைத்துப்போவதும் நீங்கள்தானே? உங்களையே நம்பி இருப்பவர் உங்கள் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லத் தயங்குவார். அதனால் அன்றைக்கே பதில் கேட்காதீர்கள். ஒரு வாரம் விடுங்கள். அவர் மகளோ நெருங்கிய தோழியோ, ஏற்கெனவே நோயைப் பற்றித் தெரிந்த ஒருவர், நீங்கள் இல்லாதபோது அவரிடம் பேசட்டும். "பார்க்கலாம்", "உன் இஷ்டம்" என்று பதில் வந்தால் மறுப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சம்மதம் என்றால் எதற்கெல்லாம் என்று அவர் குரலிலேயே வாட்ஸப்பில் ஒரு பதிவு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுத்துவிட்டால் கட்டுரை வீணாகாது. உங்கள் தூக்கமில்லாத இரவுகள், பயம், எரிச்சல் எல்லாம் உங்களுடையவை, எழுதலாம். நோயின் பெயரை மட்டும் எடுத்தால் போதாது. தினமும் ஒரே நேரத்தில் விழுங்கும் மாத்திரை, ஆலோசகரிடம் தனியாகப் பேசப் போனது போன்ற வரிகளும் நோயைக் காட்டிக்கொடுக்கும். அவற்றையும் எடுத்துவிட்டு, விஷயம் தெரியாத ஒரு தோழியிடம் படிக்கக் கொடுத்து, "சித்திக்கு என்ன உடம்புக்கு?" என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் இன்னும் வெட்ட வேண்டும்.