தாடிக்குச் செலவாகும் முடி தலைக்குத் திரும்பி வராது

கேள்வி: எனக்கு 24 வயது. கன்னத்தில் தாடி திட்டுத்திட்டாகத்தான் வளர்கிறது, புருவத்தின் வால் பகுதியும் மெல்லியது. முடி நடும் சிகிச்சை பற்றி ஒரு கிளினிக்கில் கேட்டேன். தாடிக்கு 2,500 கிராஃப்ட், அதாவது வேரோடு எடுத்து நடும் சிறு முடிக்கொத்துகள், புருவங்களுக்கு 400 என்கிறார்கள். சேர்த்துச் செய்தால் தள்ளுபடியாம். பாதிப் பணம் சேமிப்பில் இருக்கிறது, மீதியை மாதத் தவணையில் கட்டலாம். முன்நெற்றி லேசாக ஏறத் தொடங்கியிருக்கிறது, அப்பாவுக்கு முழு வழுக்கை. செய்யலாமா?

பதில்: இப்போது வேண்டாம். கடன் வாங்கி நிச்சயமாக வேண்டாம். பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் பின்தலையைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்தக் கணக்கில் பெரிய முதல் அங்கேதான் இருக்கிறது.

கன்னத்திலும் புருவத்திலும் நடுகிற முடி பெரும்பாலும் பின்தலையிலிருந்தும் காதோரத்திலிருந்தும் எடுக்கப்படுவது. எடுத்த இடத்தில் அது மறுபடி முளைக்காது. வழுக்கை விழுந்தாலும் நிலைத்து நிற்கும் அந்தப் பட்டையிலிருந்து, அசிங்கமாகத் தெரியாமல் ஆயுள் முழுக்க எடுக்கக்கூடியது பலருக்கு 5,000, 6,000 கிராஃப்ட்தான். முடி மெல்லியதாகவோ அடர்த்தி குறைவாகவோ இருந்தால் அதுவும் இல்லை. உங்களுக்கு 5,000 என்றே வைத்துக்கொள்வோம். இப்போது 2,900 போனால் மிச்சம் 2,100. அப்பாவைப் போலவே உங்களுக்கும் ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 24 வயதிலேயே நெற்றி ஏறத் தொடங்கியிருப்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பின்னாளில் முன்தலையைச் சரிசெய்யவே 2,000-க்கு மேல் தேவைப்படலாம், உச்சிக்குத் தனியாக வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. வழுக்கை பரவினால் அந்தப் பட்டையே குறுகும். அதன் விளிம்பிலிருந்து எடுத்த முடி கன்னத்தில் இருந்தாலும் உதிரக்கூடும்.

வயதும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. இருபதுகளின் பிற்பாதி வரை பலருக்குத் தாடி தானாகவே அடர்ந்துகொண்டு போகும். இன்று நடுவதற்குப் பணம் கொடுக்கிற இடத்தில் நாலைந்து வருடத்தில் இயல்பாகவே முடி வரலாம். திட்டுகள் வட்டமாக, வழவழவென்று, திடீரென வந்தவை என்றால் கதையே வேறு. அது புழுவெட்டாக இருக்கலாம். அந்த நோய் அடங்காமல் நட்டால் நட்ட முடியும் போய்விடும். புருவம் மெலிவதற்குத் தைராய்டு கோளாறும் காரணமாகலாம். ஆகவே முதல் செலவு தோல் மருத்துவரிடம் ஒரு பரிசோதனை. கிளினிக்கின் விற்பனை ஆலோசகர் அதற்கு மாற்று இல்லை. காயம் பட்டால் தழும்பு தடித்து எழும்பும் உடம்பா என்பதையும் தோல் மருத்துவரிடமே கேளுங்கள்.

சரி, எவ்வளவு அடர்த்தி கிடைக்கும்? ஒரு சதுர சென்டிமீட்டரில் 25 முதல் 35 கிராஃப்ட் வரை நட்டால் கன்னத்துக்கு அது நல்ல வேலை. கன்னத்துக்கு 20 சதுர சென்டிமீட்டர் என்று இரண்டுக்கும் 40 வைத்து, 30 வீதம் நட்டால் 1,200தான் ஆகிறது, கிளினிக் சொன்ன 2,500-இல் பாதிகூட இல்லை. நட்டதில் சில வேர் பிடிக்காமல் போகும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். தாடியைச் சற்று வளர்த்து வைத்தால் நிறைவாகத் தெரியும். ஒட்ட வெட்டினால் இடைவெளி தெரியும், தலைமுடி தாடிமுடியை விட மெல்லியது என்பதால் வித்தியாசமும் தெரியும். உங்கள் தாடைக்கு அடியில் முடி அடர்ந்திருந்தால் சிறு திட்டுகளுக்கு அங்கிருந்தே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். தடிமன் பொருந்தும், பின்தலை முதலும் கரையாது.

புருவம் சிறிய இடம், ஆனால் பிசகினால் முகத்தின் நடுவில் தெரியும். ஒற்றை முடிகளாகப் பிரித்து, தோலோடு கிட்டத்தட்டப் படுத்த கோணத்தில் நட வேண்டும். கோணம் தவறினால் முடி குத்திட்டு நிற்கும். வால் பகுதிக்கு மட்டும் என்றால் ஒரு பக்கத்துக்கு 60, 80 போதும். 400 என்பது இரண்டு புருவங்களையும் கிட்டத்தட்ட புதிதாகக் கட்டுகிற கணக்கு. தலைமுடி என்பதால் அது நீண்டுகொண்டே போகும், ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை கத்தரிக்க வேண்டியிருக்கும். அப்புறம், நட்ட முடி முதல் சில வாரங்களில் பெரும்பாலும் உதிர்ந்து, மூன்று நான்கு மாதத்தில்தான் முளைக்கத் தொடங்கும். முழுப் பலனைப் பார்க்க ஒரு வருடம் ஆகும். தவணை கட்டி முடிக்கும்போதுதான் சிகிச்சை எப்படி அமைந்தது என்பதே தெரியும்.

அந்தத் தள்ளுபடியை விட்டுவிடுங்கள். அது தேவைக்கு மேல் எடுக்கச் சொல்லும் தூண்டில். சேமிப்பு வைப்பில் இருக்கட்டும். மூன்று நான்கு வருடம் கழித்தும் திட்டு அப்படியே இருந்து, நெற்றி முடியும் நிலைத்திருந்தால் மருத்துவரிடம் போங்கள். எத்தனை சதுர சென்டிமீட்டர், அதில் எத்தனை கிராஃப்ட், எங்கிருந்து எடுப்பது, எடுத்தபின் பின்தலையில் எவ்வளவு மிஞ்சும், நடுவது மருத்துவரா உதவியாளரா என்று நான்கைந்து வரிகளில் எழுதி வாங்குங்கள். ஒருமுறை நட்டது போதாமல் மறுபடி நட வேண்டி வரலாம், அதற்கும் பணம் ஒதுக்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.