பிறந்தநாள் வாழ்த்தில் சண்டையை என்ன செய்வது?

கேள்வி: என்ர மனுசன் என்னைக் கேளாமல் என்ர காப்பை அடகு வைச்சுத் தன்ர தம்பிக்குக் காசு குடுத்தவர். மூன்று கிழமையா அளந்துதான் கதை. அவர் வவுனியாவில வேலை, வெள்ளி பின்னேரந்தான் வருவார். புதன்கிழமை அவருக்குப் பிறந்தநாள். அனுப்பாட்டி இன்னும் பெரிசாகும், அனுப்பினா நான் இறங்கிப் போன மாதிரி. இப்பிடி எழுதி வைச்சிருக்கிறன்: "பிறந்தநாள் நல்வாழ்த்துக்கள். நான் சொல்ல என்ன இருக்கு, உங்களுக்கு எல்லாம் தெரியும். இந்த வயசிலயாவது குடும்பத்தை நினைச்சு நடவுங்கோ." சரியா? (கொக்குவில் வாசகி)

பதில்: அனுப்புங்கள், ஆனால் இதை அல்ல. "வயசிலயாவது" என்பதில் உள்ள அந்த "ஆவது" ஒன்றே போதும். இவ்வளவு காலமும் அவர் குடும்பத்தை நினைக்கவில்லை என்று அது சொல்லிவிடுகிறது. "உங்களுக்கு எல்லாம் தெரியும்" நம்முடைய ஊரில் யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை. நீங்கள் அதை அழுதுகொண்டு எழுதியிருக்கலாம். வவுனியாவில் அறையில் தனியே இருந்து வாசிப்பவருக்குக் குத்தல் மட்டுமே கேட்கும்.

இது அவருடைய குறை மட்டுமல்ல. 2005இல் ஜஸ்டின் குரூகர், நிக்கொலஸ் எப்லி உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா உண்மையா என்பதை 78 வீதம் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். வாசித்தவர்கள் 56 வீதமே சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சந்தான் மேல். குரலில் சொன்னபோது 73 வீதம். அதனால் குரல் தழுதழுக்காது என்றால் இருபது செக்கன் குரல் பதிவு நல்லது. தழுதழுக்கும் என்றால் எழுத்தே போதும்.

எழுதும்போது சண்டை இல்லாதது போல நடிக்கவும் வேண்டாம். மூன்று கிழமை முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு "என் உயிரே" என்று அனுப்பினால் யாரோ எழுதியதை வெட்டி ஒட்டியதாகத்தான் தெரியும். இடைவெளி இருக்கிறது என்று ஒரு வரி. காப்பு, தம்பி, அடகுக்கடை எதுவும் வரக்கூடாது. அதற்குப் பிறகு, இந்த மூன்று கிழமைக்குள் உங்கள் கண்ணில் பட்ட ஒரு சின்ன விசயம். உங்களுக்குக் கோபம் இருக்கும்போதும் நீங்கள் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. உதாரணமாக:

"என்னப்பா, பிறந்தநாள் வாழ்த்துக்கள். நாங்கள் கொஞ்ச நாளாச் சரியாக் கதைக்கேல்லை, எனக்கும் அது கஷ்டமாத்தான் இருக்கு. திங்கள் விடிய பஸ்ஸுக்கு ஓடுற அவதியிலயும் பிள்ளையின்ர சைக்கிள் செயினைப் போட்டுவிட்டிட்டுப் போனதைப் பாத்தனான். நல்லூரில உங்கட பேருக்கு அர்ச்சனை செய்விச்சிட்டன். நேரத்துக்குச் சாப்பிடுங்கோ."

இதில் மன்னிப்பும் இல்லை, மன்னித்ததும் இல்லை. "ஆனால்" இல்லை. பதில் கேட்கும் கேள்வியும் இல்லை. ஆகவே நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. வழமையில் "என்னப்பா" என்று கூப்பிடுபவர் என்றால் அதையே வைத்திருங்கள். அதை விட்டு "நல்வாழ்த்துக்கள்" என்று மட்டும் எழுதினால் கல்யாண வீட்டுக்கு வந்தவர் வாழ்த்தியது போல இருக்கும். சைக்கிள் செயின் நான் உதாரணத்துக்கு எழுதியது. உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள். நடக்காததை எழுதினால் அவருக்கு உடனே தெரியும்.

அர்ச்சனையை வைத்ததற்குக் காரணம் உண்டு. சண்டை காசைப் பற்றியது. விலையான சேட்டோ பெரிய கேக்கோ அனுப்பினால் அதுவும் காசுக் கதையாகிவிடும். நல்லூரில் ஒரு ரூபா அர்ச்சனைச் சீட்டில் அந்த வில்லங்கம் இல்லை.

முன்பு நான் "வந்த பிறகு இருந்து கதைப்பம்" என்ற வரியையும் சேர்க்கச் சொல்வேன். ஒரு கணவர் அந்த வரியை வாசித்துவிட்டு, வீட்டில் விசாரணை காத்திருக்கிறது என்று அந்த வார இறுதி வராமலே விட்டுவிட்டார். அதற்குப் பிறகு சொல்வதில்லை.

காலை வேலைக்குப் போகுமுன் அவருக்கு மட்டும் அனுப்புங்கள். குடும்பக் குழுமத்தில் முதலில் போட்டால், மாமிக்குக் காட்டப் போட்டதாக எடுப்பார். நீலச் சரி விழுந்தும் பதில் இல்லை என்றாலோ "நன்றி" என்ற ஒரு சொல் மட்டும் வந்தாலோ இரண்டாவது செய்தி அனுப்பாதீர்கள். அந்த இரண்டாவதில்தான் "இவ்வளவு எழுதினன், ஒரு வார்த்தை" என்று பழைய சண்டை திரும்பவும் தொடங்கும்.

காப்புக் கதைக்குச் சனி பின்னேரம், பிள்ளை ரியூசனுக்குப் போன பிறகு இருங்கள். "நீங்கள் எப்பவும் உங்கட ஆக்களுக்குத்தான்" என்று தொடங்கினால் அதோடு முடிந்தது. "என்னட்டக் கேக்காமல் வைச்சதுதான் எனக்கு நொந்தது. எப்ப மீட்கலாம் எண்டு பாப்பம்" என்று தொடங்கலாம். அடகுச் சீட்டில் உள்ள தவணைத் திகதியையும் வட்டியையும் முதலே பார்த்து வைத்திருங்கள்.

கை நீட்டுபவர் என்றாலோ அவர் வரும் நாளை நினைத்தாலே பயம் என்றாலோ மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அப்போது 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.