கணினிக்குச் சேமிக்கும்வரை கிளவுடில் விளையாடலாமா? மலைவாசிகளின் கேள்விகள்

கேள்வி (கோத்தகிரி, கல்லூரி மாணவர்): கேமிங் கணினிக்கு 60,000 ரூபாய் வேண்டும். மாதம் 4,000 சேர்க்கிறேன். அதுவரை 700 ரூபாய் சந்தாவில் கிளவுடில் விளையாடலாமா அண்ணா? வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது.

பதில்: முதலில் கணக்கு, தம்பி. சந்தா இல்லாமல் 15 மாதத்தில் கணினி வந்துவிடும். மாதம் 700 போனால் மிஞ்சுவது 3,300. அப்போது 19-ஆவது மாதம்தான் கை நிறையும். நான்கு மாதத் தாமதம்தான் உன் கிளவுட் ஆட்டத்தின் விலை. அது உனக்குச் சம்மதமென்றால் மேலே படி.

கிளவுடில் விளையாட்டு நிறுவனத்தின் கணினியில் ஓடும், உன் திரைக்கு வீடியோவாக வந்து சேரும். அதற்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். 1080 தரத்தில் நொடிக்கு 60 படம் பார்க்க 25 போதும். கெடுப்பது வேகமல்ல, தாமதத்தின் ஏற்ற இறக்கம். நொடிக்கு 60 படமென்றால் ஒவ்வொன்றும் சுமார் 17 மில்லிநொடி. ஒரு தரவுப் பொட்டலம் அதைவிடப் பிந்தினால் அந்தப் படம் தவறிவிடும்; நீ திருப்பிய கார் சுவரில் மோதிய பிறகுதான் திரும்பும். எனவே இரவு எட்டு மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் படம் பார்க்கும் நேரத்தில், விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் இதை ஓட்டு:

```
ping -n 100 192.168.1.1
ping -n 100 8.8.8.8
```

முதல் வரி உன் ரவுட்டர் வரை, இரண்டாவது வெளியே. (சில ரவுட்டர்களின் முகவரி வேறாக இருக்கும், பெட்டியின் அடியில் பார்.) கடைசியில் வரும் Average-ஐ மட்டும் பார்த்து ஏமாறாதே, Maximum, Lost இரண்டையும் பார். ரவுட்டருக்கே 80 மில்லிநொடி வரை தாவினால் குற்றம் உன் வைஃபையில். ரவுட்டருக்கு 3, வெளியே சராசரி 30, ஆனால் அதிகபட்சம் 240 என்றால் லைனிலோ, அதே நேரத்தில் வீட்டில் யாரோ வீடியோ மேலேற்றுவதிலோ குற்றம். எல்லோரையும் நிறுத்தச் சொல்லி மறுபடி ஓட்டினால் எது என்று தெரிந்துவிடும். Lost பூஜ்யமாக இல்லாவிட்டால் சந்தாவே வேண்டாம்.

இன்னொன்று: ஆண்டுச் சந்தா கட்டாதே. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மரம் சாய்ந்து வயர் அறுவது உனக்குத் தெரியாததல்ல. மாதச் சந்தா மட்டும் வாங்கு, மழை மாதங்களில் நிறுத்து. அந்த மூன்று மாதம் 2,100 ரூபாய் உண்டியலுக்குப் போகும்.

கேள்வி (ஊட்டி, ஒரு தாய்): பழைய கல் பங்களாவில் குடியிருக்கிறோம். ரவுட்டர் முன்அறையில், மகன் பின்அறையில். அவன் திட்டுவது எங்கள் காதில் விழுகிறது, சார்.

பதில்: அம்மா, அந்தச் சுவர்களின் கனத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டு அறை தாண்டாது. 2.4-க்குத் தானாக இறங்கி, பக்கத்து வீட்டுச் சிக்னல்களோடு மல்லுக்கட்டும். ஒரு லேன் வயரை வாசல்கட்டை ஓரமாக இழுத்துவிடுங்கள். சந்தாவை மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

கேள்வி (கொடைக்கானல்): ஃபைபர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. மொபைலில் தினம் 2 ஜிபி உண்டு. போதுமா?

பதில்: 10 எம்பிபிஎஸ்ஸில் ஓட்டினாலும் ஒரு மணி நேரத்துக்கு நாலரை ஜிபி தின்னும். உங்கள் 2 ஜிபி அரைமணிக்குள் முடிந்துவிடும். வேண்டாம்.

கேள்வி (குன்னூர்): கிளவுடில் படங்களைப் போட்டால் போனில் இடம் காலியாகுமா?

பதில்: அது வேறு கிளவுட். இங்கே விளையாட்டைப் பற்றிப் பேசுகிறோம்.

கேள்வி (வெலிங்டன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி): 19 மாதம் வாடகை கொடுப்பதற்குப் பதில், அலுவலகத்தில் கழித்த கணினியை 15,000-க்கு வாங்கி கிராஃபிக்ஸ் கார்டு செருகச் சொல்லியிருக்கலாமே. வாடகைப் பணம் திரும்பாது.

பதில்: பாதி சரி, ஐயா. அந்தக் குட்டிப் பெட்டிகளில் மின் வழங்கி சிறியது. கார்டுக்குத் தனி மின் இணைப்பு இருக்காது. செருகுமிடத்திலிருந்து கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்குள் அடங்கும் அரை உயரக் கார்டுதான் பொருந்தும். ஜிடிஎக்ஸ் 1650 வகையில் அப்படிப்பட்டவை உண்டு. பழைய விளையாட்டுகளுக்கு நன்றாகவே ஓடும். ஆனால் பையன் 60,000 ரூபாய்க் கணினி வாங்கும்போது அந்தப் பெட்டியிலிருந்து பெரிதாக எதையும் எடுத்துப் பயன்படுத்த முடியாது.

கேள்வி (கூடலூர், கடை வைத்திருப்பவர்): நான் அப்படித்தான் செய்தேன். பெட்டியையும் கார்டையும் பிறகு விற்றேன், பெரிதாக நஷ்டமில்லை. பெரியவர் சொல்வதே சரி.

பதில்: விற்க ஆள் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். கார்டு முந்தி எங்கே உழைத்தது என்று விற்றவரிடம் கேட்டீர்களா?

மீண்டும் வெலிங்டன் ஐயா: அவர் கேட்டிருக்க மாட்டார். இருந்தாலும் கையில் ஒரு பொருள் இருந்தது. சந்தா முடிந்தால் கையில் என்ன இருக்கும்?

பதில்: இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பதில் சேவையைப் பொறுத்தது. ஜிஃபோர்ஸ் நவ் போன்றவற்றில் ஸ்டீம் கணக்கில் நீங்களே வாங்கிய விளையாட்டு ஓடும். நாளை கணினி வந்ததும் அதே விளையாட்டு அங்கே இறங்கும். செலவு வீணில்லை. ஆனால் வெளியீட்டாளர் அனுமதித்தவை மட்டுமே அங்கே வரும். வாங்குமுன் பட்டியலைப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் கிளவுட் 2025 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அதன் சந்தா நூலகத்து விளையாட்டுகள் சந்தாவோடு போய்விடும். கூகுளின் ஸ்டேடியா 2023 ஜனவரி 18-ல் மூடப்பட்டது. வாங்கிய விளையாட்டுக்குப் பணம் திருப்பித் தந்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் எல்லா நிறுவனமும் தரும் என்று நம்பி விளையாட்டுகளை வாங்கிக் குவிக்காதீர்கள்.

உங்கள் வாதத்துக்கு ஒரு சாதகமும் உண்டு: 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. பையனின் 60,000 அடுத்த ஆண்டும் 60,000-ஆகவே இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. காத்திருப்பதற்கும் விலை இருக்கிறது. இதில் நமக்குள் உடன்பாடு வராது, விடுங்கள்.

கேள்வி (அருவங்காடு): 200 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறினால் தடங்கல் நிற்குமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (குன்னூர், இன்னொருவர்): வேகத்தைக் கூட்டினால்...

பதில்: முதல் பதில். வேகமல்ல.

கேள்வி (கூடலூர், பள்ளி மாணவர்): வாலரண்ட் மட்டும்தான் ஆடுவேன். எந்தச் சந்தா?

பதில்: ஒன்றும் வேண்டாம். அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் அடி ஆழத்தில் உட்கார வேண்டியது. கிளவுடில் அது கிடையாது. ஆனால் பழைய கணினியிலேயே ஓடும். வெலிங்டன் ஐயாவின் பெட்டி உனக்குத்தான் பொருந்துகிறது. சந்தோஷப்படுவார்.

கேள்வி (மஞ்சூர்): பிங் நன்றாக இருக்கிறது, லேன் வயர்தான். ஆனால் என் பழைய மடிக்கணினியில் படம் திக்குகிறது. ஆண்டுச் சந்தா கட்டிவிட்டேன்.

பதில்: கட்டாதீர்கள் என்று கத்திக்கொண்டே இருக்கிறேன். சரி, கட்டியாயிற்று. வரும் வீடியோவை விரிப்பது உங்கள் மடிக்கணினியின் வேலை. விளையாடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஜிபியூ பக்கத்தில் Video Decode வரைபடத்தைப் பாருங்கள். அது சும்மா கிடந்து சிபியூ நூறைத் தொட்டால், உங்கள் சில்லுக்கு அந்த வீடியோ வகை தெரியவில்லை என்று பொருள். செயலியின் அமைப்பில் எச்.264-ஐத் தேர்ந்தெடுக்க வழியிருந்தால் மாற்றுங்கள். தரத்தையும் 720-க்கு இறக்குங்கள். அப்படியும் திக்கினால் அந்த மடிக்கணினியோடு போராடாமல், வீட்டிலிருக்கும் புதிய போனில் கன்ட்ரோலரை இணைத்துப் பாருங்கள்.

கேள்வி (மீண்டும் கோத்தகிரி): நேற்று மின்சாரம் போனது. ரவுட்டருக்குச் சிறிய யூபிஎஸ் வாங்கலாமா அண்ணா?

பதில்: வாங்கலாம், பெரிய செலவில்லை. வாங்குமுன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்துக்கொள். 12 வோல்ட் பெட்டிக்கு 9 வோல்ட்டைச் செருகினால் அது அடிக்கடி தானே அணைந்து எழும். அடுத்த முறை லைன் போகும்போது LOS விளக்கைப் பார்: சிவப்பாக மின்னினால் ஃபைபர் ஒளியே வரவில்லை, எந்த யூபிஎஸ்ஸும் உதவாது. புகார் கொடுத்துவிட்டுப் படிக்கிற வேலையைப் பார்.