சித்திரையில் தொடங்கி வரிசைப்படுத்துவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலின் கட்டளைதாரர் பட்டியல் எக்செலில் இருக்கிறது. பெயர், தமிழ் மாதம், தேதி, தொகை என்று நான்கு பத்திகள், நூற்று நாற்பது வரிகள். மாதத்தை வைத்து வரிசைப்படுத்தினால் ஆடி மேலே வருகிறது, சித்திரை நடுவில் கிடக்கிறது, வைகாசி கடைசிக்குப் போய்விடுகிறது. சித்திரை முதல் பங்குனி வரை வரவைப்பது எப்படி? கோப்பை நான்கு பேர் மாறி மாறித் திறப்போம், ஒருவர் கூகுள் ஷீட்ஸில் பார்ப்பார்.

பதில்: ஆங்கில மாதங்களும் ஆங்கிலக் கிழமைகளும் எந்த வரிசையில் வரும் என்பது எக்செலுக்கு ஏற்கெனவே தெரியும். தமிழ் மாதங்கள் அதற்கு வெறும் எழுத்துகள்தான், அதனால் அகர வரிசையில் அடுக்கிவிடுகிறது. வரிசையை நாம்தான் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. உங்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். ஆனாலும் முதல் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள், ஒரே கணினியில் முடிகிற வேலைக்கு அதுவே சுலபம்.

பட்டியலுக்குள் ஏதாவது ஒரு செல்லில் நின்றுகொண்டு Data தாவலில் Sort-ஐ அழுத்துங்கள். மாதப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு அழுத்த வேண்டாம்; மாதம் மட்டும் நகர்ந்து பெயரும் தொகையும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டால், யார் கட்டளை எந்த மாதம் என்பதே குழம்பிவிடும். திறக்கும் பெட்டியில் My data has headers என்பதில் டிக் இருக்கட்டும். Sort by-இல் மாதப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, அதே வரியில் Order என்ற இடத்தில் Custom List... என்பதைத் தேர்ந்தெடுங்கள். NEW LIST-இல் நின்று, List entries பெட்டியில் சித்திரை, வைகாசி என்று வரிக்கு ஒரு மாதமாகப் பங்குனி வரை தட்டச்சு செய்து Add, பிறகு OK கொடுங்கள். அப்புறம் Add Level அழுத்தித் தேதிப் பத்தியையும் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு மாதத்துக்குள்ளும் தேதி வாரியாக வரும்.

இந்தப் பட்டியல் உங்கள் கணினியில் உள்ள எக்செலில் பதிவாகிறது. வரிசைப்படுத்தப் பயன்படுத்தியதால் அந்தக் கோப்போடும் சேர்ந்து போகும். அடுத்தவர் கணினியில் அதே கோப்பைத் திறந்தால் Sort பெட்டியில் அது தெரியும். ஆனால் அவர் புதிதாக வேறொரு கோப்பைத் தொடங்கினால் அங்கே இருக்காது. கூகுள் ஷீட்ஸில் இப்படிச் சொந்த வரிசை கொடுக்கும் வசதியே கிடையாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. உங்கள் பட்டியலில் இல்லாத சொல் எதையாவது எக்செல் பார்த்தால் ஒன்றும் சொல்லாது; சத்தமில்லாமல் கடைசியில் கொண்டுபோய் வைத்துவிடும். ஒருவர் ‘புரட்டாசி’ என்று அடித்திருப்பார், இலங்கையில் வளர்ந்த இன்னொருவர் ‘புரட்டாதி’ என்று அடித்திருப்பார். ‘ஆடி மாதம்’ என்று ஒருவர் முழுதாக எழுதியிருப்பார். வரிசைப்படுத்திய பிறகு பங்குனிக்குக் கீழே ஏதாவது மாதம் தெரிந்தால் இதுதான் காரணம். நூற்று நாற்பது வரிகளில் அதைக் கவனிக்காமல் அச்செடுத்துவிட்டால், புரட்டாசிக் கட்டளைதாரர் ஒருவருக்குத் தகவல் போகாமலே போய்விடும்.

அதனால் உங்களைப் போல நாலு பேர் கைபடுகிற கோப்புக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. அதே கோப்பில் ‘வரிசை’ என்று ஒரு புதுத் தாளைத் திறந்து, A1 முதல் A12 வரை பன்னிரண்டு மாதங்களையும் நீங்கள் விரும்பும் வரிசையில் எழுதுங்கள். பட்டியல் தாளில் மாதம் B பத்தியில், தேதி C-யில், தொகை D-யில் என்று வைத்துக்கொள்வோம். E2-இல் இந்தச் சூத்திரத்தைப் போட்டுக் கீழே வரை இழுத்துவிடுங்கள்:

```
=MATCH(TRIM(B2),'வரிசை'!$A$1:$A$12,0)
```

சித்திரைக்கு 1, வைகாசிக்கு 2, பங்குனிக்கு 12 என்று எண்கள் வரும். இனி E பத்தியை முதலிலும் தேதியை அடுத்தும் வைத்துச் சாதாரணமாக, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் போதும். டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். விட்டால் கீழே இழுக்க இழுக்க வரிசைத் தாளின் வரம்பும் சேர்ந்து இறங்கி, மேலே உள்ள மாதங்கள் வரம்புக்கு வெளியே போய்விடும். கடைசியில் உள்ள 0 முழுப் பொருத்தத்தைக் கேட்கிறது. அதையும் விடக்கூடாது.

எழுத்துப் பிழை உள்ள வரியில் இந்தச் சூத்திரம் #N/A என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். வடிகட்டியில் #N/A-வை மட்டும் தேர்ந்தெடுத்தால் திருத்த வேண்டிய வரிகள் அத்தனையும் ஒரே இடத்தில் நிற்கும். எனக்கு இந்த வழி பிடிப்பதற்கு இது ஒன்றே போதும்.

சில வரிகளில் எழுத்து சரியாகவே தெரியும், ஆனாலும் #N/A வரும். அப்போது பக்கத்துச் செல்லில் `=LEN(B2)` என்று போட்டுப் பாருங்கள். ‘தை’ என்பதற்கு 2 வர வேண்டும், ஏனென்றால் கணினிக்கு அது ‘த’வும் ஐகாரக் குறியும். 3 வந்தால் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாதாரண இடைவெளி என்றால் TRIM பார்த்துக்கொள்ளும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய சொல்லின் வாலில் வேறு வகை இடைவெளி வரலாம், அதை TRIM தொடாது. MATCH சூத்திரத்தில் B2 என்று இருக்கும் இடத்தில் `SUBSTITUTE(B2,UNICHAR(160)," ")` என்று மாற்றினால் அதுவும் போய்விடும்.

கூகுள் ஷீட்ஸில் E பத்தி அப்படியே வேலை செய்யும். மூலப் பட்டியலைத் தொடாமல் வரிசைப்படுத்திய நகல் மட்டும் வேண்டும் என்றால், அங்கே தனித் தாள் ஒன்றில் இதைப் போடலாம். உங்கள் பட்டியல் தாளின் பெயர் ‘கட்டளை’ என்று வைத்து எழுதியிருக்கிறேன்:

```
=SORT('கட்டளை'!A2:D141,'கட்டளை'!E2:E141,TRUE,'கட்டளை'!C2:C141,TRUE)
```

கிழமைக்கும் இதே முறைதான், ஒரு வித்தியாசத்தோடு. செல்லில் ‘திங்கள்’ என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரு முழுத் தேதியாக இருக்கலாம். வடிவமைப்பால் கிழமை மட்டும் தெரிகிறது. அதை வரிசைப்படுத்தினால் தேதிப்படிதான் போகும். அந்தச் செல்லைச் சொடுக்கிச் சூத்திரப் பட்டையைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். அங்கே தேதி தெரிந்தால் வரிசைத் தாளே வேண்டாம், அந்தச் செல் C2 என்றால் `=WEEKDAY(C2,2)` போதும். திங்களுக்கு 1, ஞாயிறுக்கு 7 என்று வரும்.

ஒரு வரி விடாமல் எல்லாமே #N/A என்று வந்தால், பட்டியல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டதா என்று பாருங்கள். செல்லின் எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றியதும் தமிழ் போய் ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அப்படித்தான். முதலில் மாதப் பத்தியை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகு சூத்திரத்துக்கு வாருங்கள்.