"வந்துட்டானா?" என்று நாள் முழுவதும் கேட்கும் அம்மாவும், நான் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்த பதிலும்

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. வீட்டில் யாராவது வெளியே போனால் அவர்கள் திரும்பும் வரை வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருக்கிறார். "போன் பண்ணு, வந்துட்டாங்களான்னு கேளு" என்று ஓயாமல் சொல்கிறார். எவ்வளவு ஆறுதல் சொன்னாலும் பத்து நிமிடம் தாங்குவதில்லை. எப்படிச் சமாளிப்பது?

உங்கள் கேள்வியின் கடைசி வாக்கியத்துக்கு முந்தையதைப் படித்தவுடன் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆறுதல் பத்து நிமிடம்தான் தாங்குகிறது என்பதை நீங்கள் கவனித்துவிட்டீர்கள். நான் அதைக் கவனிக்க ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்துக்கொண்டேன். அந்த வருடத்தில் என் அம்மாவின் பதற்றத்தை நானே கைப்பட வளர்த்திருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. கீழே வரும் மாத்திரைப் பெயர்களை யாரும் வாங்கிப் போடுவதற்காக எழுதவில்லை, உங்கள் அம்மாவின் மாத்திரைப் பெட்டியில் அவை இருக்கின்றனவா என்று நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். தம்பி குடும்பம் எர்ணாவூரில். அம்மாவுக்கு இப்போது 75 வயது. குடும்பத்தைப் பற்றிய கவலை அவருக்கு எப்போதுமே உண்டு, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டிச் செல்லும் பிள்ளைகளைப் பெற்ற எந்தத் தாய்க்குத்தான் இருக்காது? ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தம்பி வீட்டுத் தெருவில் தண்ணீர் நின்று, கைபேசி இணைப்பும் அற்றுப்போய், இரண்டு நாள் அவர்களைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கவலை கால்களில் இறங்கியது. உட்கார்ந்து சாப்பிட மாட்டார். தட்டில் சோறு ஆறிக்கிடக்கும், அவர் வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்து நிற்பார். உள்ளே வருவார், கடிகாரத்தைப் பார்ப்பார், சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவார், மறுபடி வாசலுக்குப் போவார். ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்து அவருடைய கைபேசியை எடுத்துப் பார்த்தேன். அன்று ஒரே நாளில் 31 அழைப்புகள், எல்லாம் எனக்கும் தம்பிக்கும் என் மகளுக்கும்.

முதல் தவறு, மருத்துவரிடம் போகாமல் மருந்துக் கடைக்குப் போனது. "வயசானவங்களுக்கு வர்ற படபடப்புதான், இதைக் குடுங்க" என்று கடையில் அல்பிரசோலம் கொடுத்தார்கள். காலையில் 0.25 மில்லிகிராம், இரவில் 0.5. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, விற்றால் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டிய எச்1 பட்டியலில் உள்ள மருந்து அது. ஆறு மாதம் ஒருவரும் எங்களிடம் சீட்டு கேட்கவில்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. வாங்கியது நான்தானே என்று நீங்கள் கேட்டால் அதற்கும் என்னிடம் மறுப்பு இல்லை.

முதல் வாரம் அம்மா அமைதியாக இருந்தார். பிறகு, மாத்திரையின் வேகம் இறங்கும் நண்பகல் நேரத்தில் பதற்றம் முன்பைவிடக் கூடுதலாக வந்தது. நாங்கள் அதை நோய் முற்றுகிறது என்று எண்ணினோம். 2024 ஆகஸ்டில் ஓர் இரவு கழிவறைக்குப் போக எழுந்தவர் தள்ளாடி விழுந்து, இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பைப் பார்த்த மருத்துவர்தான் மாத்திரைப் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "முதல்ல இதை யார் எழுதிக் குடுத்தாங்கன்னு சொல்லுங்க" என்று கேட்டு, மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

அந்த மனநல மருத்துவர் கேட்ட முதல் கேள்வியை உங்களுக்கும் சொல்ல வேண்டும். "நீங்க சொன்ன பதில் அவங்களுக்கு ஞாபகம் இருக்கா?" நான் யோசித்தேன். அம்மா ஒருபோதும் மறந்ததில்லை. "பத்து மணிக்கு வருவான்னு நீதானே சொன்ன, இப்போ பத்தே கால் ஆகுதே" என்றுதான் கேட்பார். பதிலும் நினைவிருக்கிறது, நேரமும் நினைவிருக்கிறது, பயம் மட்டும் அடங்கவில்லை என்றால் அது பெரும்பாலும் பதற்றம். கேட்டதையே மறந்துவிட்டு முதல் தடவை கேட்பதுபோல் கேட்டால் நினைவாற்றலைச் சோதிக்க வேண்டும் என்றார். இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பதால் அம்மாவுக்கு அந்தச் சோதனையும் நடந்தது. கூடவே தைராய்டு, ரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின், சோடியம், இசிஜி எல்லாம் பார்த்தார்கள். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும், சர்க்கரை மாத்திரையால் சர்க்கரை திடீரென்று இறங்கினாலும், இதயத் துடிப்பு தாறுமாறானாலும் வெளியே தெரிவது இதே படபடப்பும் நிலைகொள்ளாமையும்தானாம். அம்மாவுக்கு அவற்றில் எதுவும் இல்லை.

அல்பிரசோலத்தை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, வலிப்பு வரை கொண்டுபோய்விடும் என்று கண்டிப்பாகச் சொன்னார். 0.25 மாத்திரையில் பாதி அளவாக, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை குறைத்து, முழுவதும் நிற்க நான்கு மாதம் ஆயிற்று. அதனுடன் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் செர்ட்ராலின் என்ற மாத்திரையை 25 மில்லிகிராமில் தொடங்கினார். இது வேலை செய்ய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், முதல் சில நாட்கள் நிலைகொள்ளாமை கொஞ்சம் கூடவும் செய்யலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்றார். அவர் அப்படி முன்கூட்டியே சொல்லியிராவிட்டால் ஐந்தாம் நாளே நான் நிறுத்தியிருப்பேன்.

இரண்டாம் வாரம் அம்மா பகலிலும் சோர்ந்து, பேச்சு குழறினாற்போல் இருந்தார். நடைதான் குறைந்துவிட்டதே, மருந்து கேட்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் மருத்துவர் சொல்லியிருந்தபடி அந்த வாரம் எடுத்த சோதனையில் சோடியம் 128 என்று வந்தது. 135க்குக் குறையக் கூடாது. அம்மா வருடக்கணக்காகப் போட்டுவந்த ரத்த அழுத்த மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ஒரு 'எச்' இருந்தது. அதாவது சிறுநீரைக் கூட்டும் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை. அதுவும் செர்ட்ராலினும் தனித்தனியாகவே சோடியத்தைக் குறைக்கக் கூடியவை, வயதானவர்களிடம் இரண்டும் சேரும்போது ஆபத்து கூடுகிறது. 'எச்' இல்லாத மாத்திரைக்கு மாற்றி, செர்ட்ராலினைச் சில நாள் நிறுத்திவைத்து மீண்டும் தொடங்கினார்கள். ஆகவே நீங்கள் போகும்போது சீட்டை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைப் பட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

இனி அந்தப் பதிலுக்கு வருகிறேன். அம்மா கேட்கும்போதெல்லாம் நான் மூன்று விதமாகப் பதில் சொல்லிவந்தேன். உடனே போன் போட்டுக் கொடுப்பேன். இல்லையென்றால் "புறப்பட்டுட்டான்மா, மூலக்கடை தாண்டிட்டான்" என்று பொய் சொல்வேன். களைத்துப்போனால் அதட்டுவேன். போன் போட்டுக் கொடுக்கும்போது அம்மாவுக்குக் கிடைக்கும் நிம்மதி உண்மையானது. ஆனால் பயம் வந்தால் போன் செய்தால்தான் தீரும் என்பதை அந்த நிம்மதியே அவருக்குப் பழக்கிவிடுகிறது என்று மருத்துவர் விளக்கினார். பயம் தானாகவே ஏறி இறங்குவதை அனுபவிக்க அவருக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. பொய் அதைவிட மோசம். மூலக்கடை தாண்டியவன் ஒரு மணி நேரம் கழித்து வந்தால், அடுத்த நாள் உண்மையைச் சொன்னாலும் அம்மா நம்ப மாட்டார்.

நாங்கள் மாற்றியது மிகக் குறைவு. "பத்து மணிக்கு வருவான்" என்று சொல்வதை விட்டோம். "ஒன்பதரைக்கும் பத்தே முக்காலுக்கும் நடுவுல வருவான், பத்தே முக்கால் தாண்டினா நானே போன் பண்றேன்" என்று, புறப்படும்போதே ஒரு தடவை சொன்னோம். தம்பி தினமும் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் தானே அழைப்பான், அம்மா கேட்டாலும் கேட்காவிட்டாலும். இடையில் அம்மா கேட்டால், முதல் வாரம் ஐந்து நிமிடம் பொறுத்து போன், அடுத்த வாரம் பத்து, அதற்கடுத்து இருபது. அந்த இடைவெளியில் அவரைத் தனியாக விட மாட்டோம். என் மனைவி முருங்கைக்கீரையை முறத்தில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள், அல்லது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக் கோயில் வரை நடப்பேன். உட்காரச் சொல்லி வற்புறுத்துவதை நிறுத்திவிட்டோம். நடக்கத் துடிக்கும் உடம்பை உட்கார வைத்தால் பதற்றம் ஏறத்தான் செய்கிறது. மாலை நான்கு மணிக்கு மேல் டீ கிடையாது. இரவில் கழிவறை வழியில் விளக்கு எரியும்.

தாய் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் காக்க வைப்பது கல்நெஞ்சு என்று இங்கே சிலர் எழுதுவார்கள். எங்கள் உறவிலேயே சொன்னார்கள். முதல் பத்து நாள் அம்மா முன்னைவிட அதிகமாகக் கேட்டார். ஒரு நாள், "நான் செத்தாதான்டா உனக்கு நிம்மதி" என்று அழுதார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அந்த நாட்களில் யாராவது ஒருவர் இரக்கப்பட்டு ரகசியமாகப் போன் போட்டுக் கொடுத்தால், எத்தனை நேரம் அழுதால் போன் கிடைக்கும் என்பதுதான் பழக்கமாகும். தம்பி மனைவி இரண்டு முறை அப்படிச் செய்தாள். அவள் அன்பில் குறை இல்லை, ஆனால் இரண்டு முறையும் நாங்கள் முதல் வாரத்துக்கே திரும்ப வேண்டியிருந்தது. அதனால் வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டுத் தொடங்குங்கள். அதோடு, சாவைப் பற்றி அடிக்கடி பேசுவது, சாப்பாட்டை அடியோடு வெறுப்பது, இரவு முழுவதும் விழித்திருப்பது ஆகியவை சேர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். வயதானவர்களிடம் மனச்சோர்வு சோர்வாகத் தெரியாமல் இப்படி அலைச்சலாகவும் தெரியும். அப்போது நாள் தள்ளாதீர்கள். வடசென்னையில் இருந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகும் வரை பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அம்மாவின் கவலை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். செர்ட்ராலின் 50 மில்லிகிராமில் தொடர்கிறது, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சோடியம் பார்க்கிறோம். புயல் எச்சரிக்கை வரும் நாட்களில் எல்லாம் பழையபடிதான். நேற்று மகள் கல்லூரியிலிருந்து மெட்ரோவில் வரத் தாமதமானது. அம்மா இரண்டு முறை வாசலுக்குப் போனார். இரண்டாம் முறை திரும்பி வந்து, "எட்டரை வரைக்கும் டைம் இருக்குல்ல?" என்று என்னைக் கேட்டார். "இருக்கும்மா" என்றேன். ஆறிப்போவதற்குள் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, மறுபடி வாசலுக்குப் போனார்.