பவர் சப்ளையில் ஓடும் கரண்ட்டை வைத்து போனின் பழுதை ஊகிப்பது

"போன் ஆன் ஆகவில்லை. பவர் சப்ளையில் மாட்டினால் பட்டனை அழுத்தும் முன்பே 0.30 ஆம்பியர் காட்டுகிறது. என்ன அர்த்தம்?"

பேட்டரியிலிருந்து போர்டுக்கு மின்சாரம் போகும் மெயின் லைனில் ஷார்ட் இருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் பவர் சப்ளை 4 வோல்ட் கொடுக்கிறது. போர்டு அதிலிருந்து எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதுதான் அந்த ஆம்பியர் எண். பட்டனை அழுத்தாதவரை நல்ல போர்டு ஏறக்குறைய ஒன்றும் இழுக்காது. வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் சுற்றினால் பைப்பில் எங்கோ கசிவு என்போம் அல்லவா, அதே கணக்கு.

இப்போது கசியும் இடத்தைத் தேட வேண்டும். பட்டனைத் தொடாமல் போர்டின் மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தடவுங்கள். கரண்ட் வீணாகும் பாகம் சூடாகி, அந்த இடம் மட்டும் முதலில் காயும். பல நேரம் அது ஒரு சின்ன கெபாசிட்டராக இருக்கும். சப்ளையை அணைத்து அதை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். எண் பூஜ்யத்துக்கு வந்தால் ஷார்ட் போய்விட்டது. குறையவே இல்லையென்றால் நல்ல பாகத்தை எடுத்திருக்கிறீர்கள், தேடலைத் தொடருங்கள்.

சரி, ஆரம்பத்திலேயே பூஜ்யம் காட்டி, பட்டனை அழுத்தியதும் 0.05 போன்ற சின்ன எண்ணில் அசையாமல் நின்றால்? அது வேறு கதை. போர்டின் பாகங்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பவர் ஐசி பெரும்பாலும் விழித்துவிட்டது, ஆனால் பிராசசர் போனைத் துவக்கும் வேலையில் மேலே போகவில்லை. நல்ல போனில் எண் ஏறி இறங்கி ஆடும்.

"0.30 என்றால் இந்த ஐசி" என்று சுற்றிவரும் பட்டியல்களை நம்பாதீர்கள்: ஒரே எண்ணை வெவ்வேறு பழுதுகள் காட்டும்.